லெட் ஏப்ரன் உள்ளே கிழிந்தால்: ரேடியோகிராஃபரின் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

எக்ஸ்ரே பிரிவில் கதிரைத் தடுக்கும் லெட் ஏப்ரனைப் போட்டு வேலை செய்கிற ஒருவர், “ஏப்ரன் எல்லாம் பழசாகிவிட்டது, மாற்றிக் கொடுங்கள்” என்று மேலாளருக்கு எழுதுகிறார். மேலாளர் வந்து பார்க்கிறார். நீல உறை பளபளவென்றுதான் இருக்கிறது, பெல்ட்டும் ஒட்டுகிறது. “நல்லாத்தானே இருக்கு, அடுத்த வருஷம் பார்க்கலாம்” என்கிறார். கடிதம் கோப்புக்குள் போய்விடுகிறது.

இதில் மேலாளரை மட்டும் குறை சொல்ல முடியாது. லெட் ஏப்ரன் கெட்டுப்போவது வெளியே தெரியாது, உள்ளே இருக்கும் ஈயத் தகடுதான் கெடுகிறது. அது கெட்டிருக்கிறதா, எங்கே, எவ்வளவு என்று படம் எடுத்து அளந்து சொன்னால்தான் வாங்கும் இடத்தில் இருப்பவர் முடிவெடுக்க முடியும். அந்தப் படத்தை எடுக்கும் கருவியும் அதை எடுக்கத் தெரிந்த ஆளும் அதே ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார்கள். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் என்று குமரி மாவட்டம் முழுக்கச் சின்னதும் பெரியதுமாக எத்தனையோ மருத்துவமனைகளில் எக்ஸ்ரேயும், அறுவை சிகிச்சை நடக்கும்போதே எக்ஸ்ரே படம் காட்டும் சி-ஆர்மும் ஓடுகின்றன. அங்கே வேலை செய்பவர்களுக்கும் அவர்களுக்குப் பொருள் வாங்கிக் கொடுப்பவர்களுக்கும் இந்த விஷயம் முழுதாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏப்ரன் எதைத் தடுக்கிறது?

எக்ஸ்ரே குழாயிலிருந்து வரும் நேர்க்கதிர் நோயாளியின் உடல்மீது விழுகிறது. அதில் ஒரு பகுதி உடலில் மோதி நாலாபக்கமும் சிதறும். அறையில் நிற்பவர்மேல் படுவது பெரும்பாலும் இந்தச் சிதறிய கதிர்தான். இதைத் தடுக்கவே ஏப்ரன் இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டு நேர்க்கதிருக்குள் கையோ உடம்போ நுழைக்கலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

சாதாரண எக்ஸ்ரே அறையில் ரேடியோகிராஃபர் தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று பொத்தானை அழுத்துகிறார். அங்கே ஏப்ரனுக்கு வேலை குறைவு. அது உயிர்நாடியாக இருப்பது வேறு மூன்று இடங்களில். எலும்பு அறுவை சிகிச்சையின்போது சி-ஆர்ம் ஓடும் தியேட்டர் ஒன்று. ஐ.சி.யூ.வில் படுக்கைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் எடுக்கும் போர்ட்டபிள் எக்ஸ்ரே இன்னொன்று. மூன்றாவது, குழந்தையையோ தள்ளாத வயதினரையோ யாராவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய நேரம். இந்த மூன்றாவது இடத்தில் ஏப்ரன் போடுவது பெரும்பாலும் கூட வந்த பைஸ்டாண்டர், பல நேரம் குழந்தையின் அம்மா. இருப்பதிலேயே நல்ல ஏப்ரனை ஊழியர்கள் எடுத்துக்கொண்டு, ஓரத்தில் கிடக்கும் பழையதை அந்த அம்மாவுக்குப் போட்டுவிடும் வழக்கம் எங்கேயும் இருக்கக் கூடாது.

ஏப்ரனின் திறனை ‘ஈயச் சமானம்’ என்ற அளவில் சொல்வார்கள். 0.25 மி.மீ. என்று எழுதியிருந்தால், அந்தத் தகடு 0.25 மி.மீ. தடிமனுள்ள சுத்த ஈயத் தகட்டுக்குச் சமமாகத் தடுக்கும் என்று பொருள். வழக்கமான மருத்துவ எக்ஸ்ரேயின் சிதறல் கதிரில் 0.25 மி.மீ. ஏப்ரன் சுமார் 90 சதவீதத்தைத் தடுத்துவிடும். 0.5 மி.மீ. இருந்தால் 95 சதவீதத்துக்கும் மேல். எக்ஸ்ரே குழாயின் மின்னழுத்தமான கே.வி. கூடக் கூட இந்த எண் கொஞ்சம் குறையும்.

நோயாளியின் மேல் வைக்கும் கவசம் வேறு விஷயம். படம் எடுக்கும்போது நோயாளியின் இனப்பெருக்க உறுப்புகளை ஈயத்தால் மூடும் பழைய வழக்கத்தை வாடிக்கையாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-ல் அறிவித்தது. அதைக் கேள்விப்பட்டு “ஏப்ரனே இனி வேண்டாமாமே” என்று சொல்பவர்கள் உண்டு. அறையில் நிற்கும் ஊழியருக்கும் பிடித்துக்கொள்பவருக்கும் அந்த அறிவிப்பு பொருந்தாது. அவர்களுக்கு ஏப்ரன் இன்றும் கட்டாயம் வேண்டும்.

உள்ளே எப்படிக் கிழிகிறது?

ஏப்ரனுக்குள் இருப்பது கெட்டியான ஈயத் தகடு அல்ல. ஈயத் தூளை ரப்பரிலோ வினைலிலோ கலந்து, மெல்லிய விரிப்பாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே நைலான் உறை போட்டுத் தைத்திருப்பார்கள். ரப்பர் வயதாக வயதாக இறுகும். இறுகிய ரப்பரை ஒரே இடத்தில் மடக்கினால் அந்த மடிப்பில் வெடிக்கும். உறை துணிபோல வளைந்து கொடுப்பதால் அது மட்டும் முழுசாக நிற்கும்.

கேடு இரண்டு விதமாக வருகிறது.

1. விரிசல். ஏப்ரனை நாலாக மடித்து அலமாரியில் வைப்பது, நாற்காலி முதுகில் போடுவது, கேஸ் நடுவே அதைப் போட்டபடியே உட்காருவது, இவற்றால் வரும். இடுப்பு மடிப்பில்தான் அதிகம் காணலாம். பெல்ட்டை இறுக்கிக் கட்டும் இடமும் அதுதான்.

2. சரிவு. ஏப்ரனின் எடை முழுவதும் தோள் தையலில் தொங்குகிறது. ஒரு தோளை மட்டும் ஆணியில் மாட்டி வைத்தால், நாளடைவில் உள்ளே உள்ள விரிப்பு தையலிலிருந்து கிழிந்து கீழே இறங்கிவிடும். மேலே வெறும் உறை மட்டும் இருக்கும், கீழ்விளிம்பில் விரிப்பு சுருண்டு தடித்துக் கிடக்கும்.

விரிசலைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சரிவைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. உண்மையில் ஆபத்து எதில் அதிகம் என்பதைக் கீழே கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற கேள்விக்கு ஒற்றை எண் கிடையாது. அகலமான ஹேங்கரில் நேராகத் தொங்கும் ஏப்ரன் பல ஆண்டுகள் நன்றாக இருக்கும். மடித்துப் போட்டது வாங்கிய ஒரே வருடத்திலும் வெடிக்கலாம். “பத்து வருஷம் ஆச்சு, மாற்றுங்கள்” என்ற வாதமும், “போன வருஷம்தானே வாங்கினோம்” என்ற மறுப்பும் இதனால்தான் பலவீனமானவை.

சோதனை: ஒரு மதியவேளையில் முடிகிற வேலை

1. எண் போடுதல். ஒவ்வொரு ஏப்ரனிலும், கழுத்தில் அணியும் தைராய்டு காலரிலும் அழியாத மையால் எண் எழுத வேண்டும். லேபிளில் உள்ள ஈயச் சமானம், வாங்கிய ஆண்டு, எந்த அறையில் இருக்கிறது என்பவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் அடுத்த வருடம் எந்த விரிசல் வளர்ந்தது என்று சொல்லவே முடியாது.

2. கண்ணாலும் கையாலும் பார்த்தல். நல்ல வெளிச்சத்தில் மேஜையில் விரித்து உறை, தையல், பெல்ட், வெல்க்ரோ எல்லாம் பார்க்க வேண்டும். பிறகு இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஏப்ரனை வைத்து மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே வர வேண்டும். தகடு இருக்கும் இடம் ஒரே தடிமனாக, கனமாக இருக்கும். தோள்பக்கம் திடீரென்று லேசாகத் தட்டுப்பட்டால் சரிவு. கீழே கட்டி கட்டியாக இருந்தாலும் அதேதான். சந்தேகமான இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு வைக்க வேண்டும்.

3. படம் எடுத்தல். ஏப்ரனை எக்ஸ்ரே மேஜையில் சுருக்கமில்லாமல் விரித்து, பகுதி பகுதியாகப் படம் எடுக்க வேண்டும். 70 முதல் 80 கே.வி. போதும். 35×43 செ.மீ. கேசட் என்றால் ஓர் ஏப்ரனுக்கு நாலைந்து படம் வரும். சாதாரண எக்ஸ்ரே படத்தில் நல்ல தகடு ஒரே சீரான வெள்ளையாகத் தெரியும். விரிசல் கறுப்புக் கோடு, ஓட்டை கறுப்புப் புள்ளி, சரிவு பெரிய கறுப்புப் பட்டை.

சி-ஆர்மில் பார்ப்பது இன்னும் வேகம். ஆனால் தானியங்கி பிரகாசக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டு மேனுவலில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எதிரே ஈயம் வந்ததும் “கதிர் போதவில்லை” என்று கருவி தானாகவே கே.வி.யையும் மில்லி ஆம்பியரையும் ஏற்றிக்கொண்டே போகும். குழாய்க்கும் கேடு, பக்கத்தில் நிற்பவருக்கும் கேடு, படமும் உருப்படியாக வராது. சி.டி. இருக்கும் இடத்தில் ஏப்ரனை விரித்து டோப்போகிராம் என்னும் நீளவாட்டுப் படம் ஒன்று எடுத்தாலே முழு நீளமும் ஒரே படத்தில் வந்துவிடும்.

சோதிப்பவர் தடுப்புக்குப் பின்னால் நின்றே எடுக்க வேண்டும். விரிப்பை நேராக்கக் கதிர் ஓடும்போது கையை நீட்டுவது, சோதனையின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

4. தவறாக எண்ணாமல் இருத்தல். தையல் ஓடும் இடத்தில் வரிசையாக, ஒரே இடைவெளியில் சின்னப் புள்ளிகள் தெரியும். அவை ஊசித் துளைகள், தயாரிப்பிலேயே வருபவை. இரண்டு மூன்று துளைகள் ஒன்றாகக் கிழிந்து நீளமாகியிருந்தால் மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். உறையின் சுருக்கமும் சிலசமயம் கோடாகத் தெரியும். விரித்துவிட்டு மறுபடி எடுத்தால் சுருக்கம் போய்விடும், விரிசல் போகாது.

5. அளந்து எழுதுதல். நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் அளந்து பெருக்கிப் பரப்பை எழுத வேண்டும். படத்தின் பெரிதாக்கம் ஏமாற்றாமலிருக்க, விரிசலின் பக்கத்தில் அளவு தெரிந்த ஒரு நாணயத்தை வைத்து எடுத்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

புது ஏப்ரன் வந்த அன்றே ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை, கீழே விழுந்தாலோ கூர்மையான கருவி குத்தினாலோ உடனே ஒருமுறை என்று இந்தப் படச் சோதனையைச் செய்ய வேண்டும். தடவிப் பார்ப்பதை மாதாமாதம் செய்யலாம், ஐந்து நிமிட வேலைதான்.

எந்த அளவுக்கு மேல் தூக்கிப் போட வேண்டும்?

2001-ல் ஹெல்த் பிசிக்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு சொன்ன அளவுகளைப் பல நாடுகளின் மருத்துவமனைகள் இன்றும் பின்பற்றுகின்றன. இனப்பெருக்க உறுப்புகளை மறைக்கும் பகுதியில் குறைபாட்டின் பரப்பு 15 சதுர மி.மீ.க்கு மேல் போனால் ஏப்ரனை மாற்ற வேண்டும். முக்கிய உறுப்புகள் இல்லாத மற்ற இடங்களில் மொத்தம் 670 சதுர மி.மீ. வரை பொறுக்கலாம். தைராய்டு காலருக்கு 11 சதுர மி.மீ.தான் எல்லை. இவை ஓர் ஆய்வின் பரிந்துரைகள். “சட்டப்படி 15 சதுர மி.மீ.” என்று கடிதத்தில் எழுதக் கூடாது. எழுதினால், விவரம் தெரிந்த ஒருவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுக் கடிதத்தையும் தள்ளிவிடுவார்.

ஓர் எடுத்துக்காட்டு: நாலு ஏப்ரன், ஒரு காலர்

மார்த்தாண்டம் பக்கம் ஒரு நடுத்தர மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். ஓர் எக்ஸ்ரே அறை, ஒரு போர்ட்டபிள், எலும்பு தியேட்டரில் ஒரு சி-ஆர்ம். நாலு ஏப்ரனும் 0.5 மி.மீ. வகை. சோதனையில் கிடைத்தது இது:

1. எண் 1: குறை எதுவும் இல்லை.
2. எண் 2: அடிவயிற்றுப் பகுதியில் குறுக்காக 60 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலத்தில் ஒரு விரிசல். பரப்பு 120 சதுர மி.மீ. எல்லை 15 என்பதால் மாற்ற வேண்டியது.
3. எண் 3: உறை நாலிலும் புதுசு மாதிரி இருப்பது இதில்தான். ஆனால் இடது தோள் தையலில் விரிப்பு கிழிந்து 6 செ.மீ. இறங்கியிருக்கிறது. இறங்கிய இடத்தின் அகலம் 20 செ.மீ. உடனே ஒதுக்க வேண்டியது.
4. எண் 4: முழங்காலுக்குக் கீழே, விளிம்பையொட்டி மூன்று ஓட்டைகள், மொத்தம் 40 சதுர மி.மீ. வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுத்து வளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெல்க்ரோ மட்டும் ஒட்டவில்லை, அதைத் தையற்கடையில் மாற்றிவிடலாம். தைக்கும்போது ஊசி விரிப்பைத் துளைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.
5. தைராய்டு காலர்: கழுத்து வளைவில் 12 மி.மீ. நீளம், ஒன்றரை மி.மீ. அகலம். 18 சதுர மி.மீ. எல்லை 11 என்பதால் மாற்ற வேண்டியது.

இப்போது எண் 2-ஐயும் எண் 3-ஐயும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஏப்ரனின் முன்பக்கம் 5,000 சதுர செ.மீ. என்று வைப்போம். ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் 100 பங்கு கதிர் விழுகிறது, தகடு இருக்கும் இடத்தில் 5 பங்கு உள்ளே போகிறது. முழு ஏப்ரன் வழியாக மொத்தம் 25,000 பங்கு உள்ளே வரும்.

எண் 2-ன் விரிசல் 1.2 சதுர செ.மீ. அந்த இடத்தில் 5-க்குப் பதில் 100 பங்கும் போகிறது. கூடுதலாக வருவது 95 × 1.2 = 114 பங்கு. மொத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை.

எண் 3-ன் சரிவு 120 சதுர செ.மீ. கூடுதலாக வருவது 95 × 120 = 11,400 பங்கு. மொத்தத்தில் சுமார் 46 சதவீதம் அதிகம். அதுவும் மேல்மார்பில், சிதறல் வரும் பக்கத்துக்கு நேராக.

இதை நேர்மையாகவே சொல்லிவிட வேண்டும். எண் 2-ஐப் போட்டதால் ஒருவருக்குப் பெரிய கேடு வந்துவிட்டது என்று எழுதினால் அது உண்மை அல்ல. அதை மாற்றச் சொல்வதற்குக் காரணங்கள் வேறு. அந்த விரிசல் நேராக இனப்பெருக்க உறுப்புகளின் மேல் இருக்கிறது, உடம்பு முழுவதற்கும் சராசரி எடுத்தால் அந்த இடத்தின் கணக்கு மறைந்துபோகும். ரப்பர் இறுகிவிட்டது என்பதற்கும் அதுவே சாட்சி. ஒருமுறை வெடித்த மடிப்பு ஒவ்வொரு தடவை மடங்கும்போதும் நீளும். எண் 3 அப்படி அல்ல, அதை இன்றைக்கே ஓரமாக வைக்க வேண்டும். ஆனால் வெளியே பார்த்து முடிவெடுத்திருந்தால் நாலில் கடைசியாக ஒதுக்கப்பட்டிருப்பது அதுதான். படச் சோதனை இல்லாமல் ஏப்ரனைப் பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

கடிதம்

சோதனை முடிந்த பிறகு எழுதும் கடிதம் எப்படி இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி:

> அனுப்புநர்
> ரேடியோகிராஃபர், கதிரியக்கப் பிரிவு
>
> பெறுநர்
> மேலாளர் அவர்கள்
>
> வழி: கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர்
>
> பொருள்: பழுதான லெட் ஏப்ரன் இரண்டையும் தைராய்டு காலர் ஒன்றையும் மாற்றித் தரவும், ஆண்டுதோறும் சோதனைக்கு ஏற்பாடு செய்யவும் வேண்டுதல்.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> வணக்கம். நமது மருத்துவமனையில் உள்ள நான்கு லெட் ஏப்ரன்களையும் ஒரு தைராய்டு காலரையும் எண்ணிட்டு, எக்ஸ்ரே படம் எடுத்துச் சோதித்தோம். படங்களையும் அளவுகளையும் இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> எண் 3 ஏப்ரனில் இடது தோள்பகுதியில் 20 × 6 செ.மீ. அளவுக்குத் தகடே இல்லை. எண் 2-ல் அடிவயிற்றுப் பகுதியில் 60 மி.மீ. நீள விரிசல் உள்ளது. தைராய்டு காலரில் 12 மி.மீ. நீள விரிசல் உள்ளது. இம்மூன்றையும் பாதுகாப்பு அலுவலரின் ஒப்புதலோடு பயன்பாட்டிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறோம். எண் 1-ம் எண் 4-ம் பயன்பாட்டில் உள்ளன.
>
> எலும்பு அறுவை சிகிச்சையின்போது தியேட்டரில் குறைந்தது மூன்று பேர் சி-ஆர்முக்கு அருகில் நிற்க வேண்டியுள்ளது. இப்போது இரண்டு ஏப்ரன்கள்தான் இருப்பதால், அவை தியேட்டரில் இருக்கும் நேரத்தில் போர்ட்டபிள் எக்ஸ்ரேக்கும், குழந்தையைப் பிடித்துக்கொள்ளும் உறவினருக்கும் கொடுக்க ஏப்ரன் இல்லை. தியேட்டரில் மூன்றாம் நபர் படம் எடுக்கும் நேரத்தில் தடுப்புக்குப் பின்னால் சென்று நிற்க ஏற்பாடு செய்துள்ளோம். நீண்ட நாளுக்கு இது சரிவராது.
>
> ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.
>
> 1. 0.5 மி.மீ. ஈயச் சமானமுள்ள ஏப்ரன் இரண்டு, தைராய்டு காலர் ஒன்று. அளவு விவரம் இணைப்பில் உள்ளது.
> 2. தியேட்டரிலும் எக்ஸ்ரே அறையிலும் ஏப்ரன் மாட்டுவதற்கு அகலமான ஹேங்கர் உள்ள ஸ்டாண்டு ஒவ்வொன்று.
> 3. ஆண்டுக்கு ஒருமுறை எல்லா ஏப்ரன்களையும் படம் எடுத்துச் சோதிக்க எக்ஸ்ரே அறையில் அரைநாள் ஒதுக்கீடு, அதற்கான பதிவேடு.
>
> படங்களை நேரில் காட்டி விளக்க, தாங்கள் சொல்லும் நேரத்தில் வருகிறேன்.
>
> இப்படிக்கு,
> ரேடியோகிராஃபர்

இதில் கவனிக்க வேண்டியது முக்கியமாக இரண்டு. பழுதானவற்றைக் கடிதத்துக்கு முன்பே நிறுத்திவிட்டது ஒன்று. பழுது என்று எழுதிவிட்டுப் பதில் வரும்வரை அதையே போட்டுக்கொண்டு நின்றால், கேட்டவரே அதை நம்பவில்லை என்றுதான் படும். இன்னொன்று, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் வழியாக அனுப்புவது. ஆர்.எஸ்.ஓ. என்று சொல்லும் அந்தப் பொறுப்பில் பெரும்பாலும் ரேடியாலஜிஸ்ட்டோ மூத்த டெக்னாலஜிஸ்ட்டோ இருப்பார். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா தளத்தில் அவர் பெயர் பதிவாகியிருக்கும். அவருடைய கையெழுத்து வந்துவிட்டால் அது ஓர் ஊழியரின் குறையாக இல்லாமல் பிரிவின் பாதுகாப்பு அறிக்கையாகிவிடும். 2004-ம் ஆண்டின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் நிர்வாகத்துக்கும், பாதுகாப்பு அலுவலருக்கும், ஊழியருக்கும் தனித்தனியாகப் பொறுப்புகளைச் சொல்கின்றன. பாதுகாப்புச் சாதனம் வாங்கித் தருவது நிர்வாகத்தின் பங்கு, கொடுத்ததை ஒழுங்காகப் பயன்படுத்துவது ஊழியரின் பங்கு.

மேலாளர் கேட்கக்கூடிய கேள்விகள்

*“டி.எல்.டி. ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானே வருது?”* நியாயமான கேள்வி, பதிலும் நேரானது. ஊழியர்மேல் விழும் கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் அணிகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போகிறது. பேட்ஜ் தான் இருக்கும் இடத்தில் விழுந்த கதிரை மட்டுமே சொல்லும். விரிசல் அடிவயிற்றில் இருந்தால் மார்பில் இருக்கும் பேட்ஜுக்குத் தெரியாது. தகடு இறங்கியது இடது தோளில், பேட்ஜ் வலது பையில் என்றாலும் அப்படித்தான். அதோடு நாலு ஏப்ரனை ஆறு பேர் மாற்றி மாற்றிப் போடும்போது எந்த ஏப்ரனின் குறை எந்த பேட்ஜில் விழுந்தது என்று பிரிக்கவே முடியாது. பேட்ஜ் ஊழியரை அளக்கிறது, ஏப்ரனை அளப்பதற்குப் படம்தான் எடுக்க வேண்டும்.

*“நம்ம கடற்கரை மண்ணிலேயே கதிர்வீச்சு இருக்கே, அதை விடவா இது?”* குமரி மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது, அங்கே இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைவிட அதிகம் என்பது உண்மைதான். ஆனால் வேலையில் வரும் கதிருக்கான வரம்பு இயற்கையாக வருவதைச் சேர்க்காமல் வகுக்கப்பட்டது. ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்தியாவில் உள்ள வரம்பு. டி.எல்.டி. பேட்ஜுகளோடு ஒரு கன்ட்ரோல் பேட்ஜும் வருகிறது. அதை எக்ஸ்ரே அறையிலிருந்து தள்ளி, கதிர் படாத இடத்தில் வைத்திருந்து சேர்த்து அனுப்புகிறோம். அதில் பதிவான இயற்கை அளவைக் கழித்துவிட்டுத்தான் ஊழியரின் கணக்கு வருகிறது. கன்ட்ரோல் பேட்ஜைத் தவறுதலாக எக்ஸ்ரே அறை மேஜையிலேயே போட்டு வைத்தால் எல்லோருடைய கணக்கும் குறைவாக வந்துவிடும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தோரியம் சிதையும் வரிசையில் வரும் காமா கதிரில் ஒரு பகுதி மிகவும் வலுவானது, அரை மில்லிமீட்டர் ஈயத்துக்கு நிற்காது. ஏப்ரன் போட்டு அதைத் தடுக்க முடியாது. சி-ஆர்மின் சிதறல் கதிரோ அதே அரை மில்லிமீட்டரில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. தடுக்க முடியாதது ஒன்று இருக்கிறது என்பதற்காக, தடுக்க முடிந்ததை ஏன் விட வேண்டும்?

*“மேலே டேப் ஒட்டிச் சமாளிக்க முடியாதா?”* முடியாது. டேப் உறையின் கிழிசலை மூடும், உள்ளே உள்ள தகட்டின் விரிசல் அப்படியே இருக்கும். உறை மட்டும் கிழிந்து தகடு நன்றாக இருந்தால், ஈயத் தூள் வெளியே உதிராமலிருக்க அந்தக் கிழிசலை அடைக்கலாம். அப்போதும் ஏப்ரனைக் கழற்றியதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஈயம் வாய் வழியாக உள்ளே போகக் கூடாத பொருள்.

புதியது வந்ததும், பழையது போகும்போதும்

புதிய ஏப்ரனை உறையைப் பிரித்த அன்றே படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவிட வேண்டும். பெட்டிக்குள் மடங்கியபடி வரும் ஏப்ரனில் மடிப்பு விரிசல் இருந்தால் அன்றே திருப்பி அனுப்பலாம். ஆறு மாதம் கழித்துச் சொன்னால் விற்றவர் ஏற்க மாட்டார். நாளை ஒரு விரிசல் தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவும் அந்த முதல் படம் வேண்டும்.

வாங்கும் வகையிலும் யோசிக்க வேண்டியது உண்டு. தியேட்டரில் மானிட்டரைப் பார்க்கவும் கருவியை எடுக்கவும் திரும்பித் திரும்பி நிற்பவர்களுக்கு முன்பக்கம் மட்டும் மூடும் ஏப்ரன் போதாது, திரும்பும் நேரத்தில் முதுகு திறந்து கிடக்கும். சுற்றிக் கட்டும் வகையில் 0.25 மி.மீ. விரிப்பு முன்னால் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்து 0.5 ஆகிவிடும், முதுகில் 0.25 இருக்கும். பாவாடையும் மேல்சட்டையுமாக இரண்டு துண்டாக வருவதில் பாதி எடை இடுப்புக்கு இறங்குவதால் தோள்வலி குறையும். ஐந்து கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு மணிக்கணக்கில் நிற்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. எடை தாங்காமல் கேஸ் நடுவே ஏப்ரனைக் கழற்றி வைப்பவர்களும் இருக்கிறார்கள். உடம்புக்குப் பொருந்தாத பெரிய அளவை வாங்கினால் கைத்துவாரம் அகன்று, மார்பின் பக்கவாட்டுப் பகுதி வெளியே தெரியும். பெண் ஊழியர்களுக்கு அளவு பார்த்தே வாங்க வேண்டும்.

ஒதுக்கிய பழைய ஏப்ரனைத் தொட்டால் கதிர்வீச்சு வருமோ என்று பயப்படத் தேவையில்லை. எத்தனை வருடம் எக்ஸ்ரே பட்டாலும் ஏப்ரன் கதிரியக்கப் பொருளாக மாறாது. ஆனால் அது ஈயம். குப்பை வண்டியில் போடுவதும், வளாகத்தில் எரிப்பதும், தெரியாத ஆக்கர் கடைக்குக் கொடுப்பதும் கூடாது. விற்ற நிறுவனம் திரும்ப வாங்கிக்கொள்ளுமா என்று புதியதுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு, இல்லையென்றால் ஈயம் மறுசுழற்சிக்கு அனுமதி பெற்றவரிடம் கொடுத்து ரசீது வாங்கிப் பதிவேட்டில் வைக்க வேண்டும். அதுவரை பூட்டிய அறையில் வைப்பதற்கு முன், பெல்ட்டையும் தோள்பட்டியையும் வெட்டிவிட்டு, உறையின்மேல் “பயன்படுத்தக் கூடாது” என்று பெரிதாக எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஓர் அவசர இரவில், ஏப்ரன் போதாமல், யாராவது அதை எடுத்து மறுபடி மாட்டிக்கொள்வார்கள்.